மாமாவின் பொடி டப்பியும் என் மணிக்கட்டும்

என் கையைக் காப்பாற்றியது டாக்டர் சொன்ன காரணமா, என் மாமனாருக்கு வந்த பயமா? நான்கு வருடங்களாக யோசிக்கிறேன். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் விழுந்தது எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். ஐப்பசி மழையில் சிமெண்டுத் தரையெல்லாம் பாசி பிடித்திருந்தது. மகளுக்கு அப்போது பத்து மாதம். அவளைத் தூங்கவைத்துவிட்டு நாப்பி துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. போட்டது போட்டபடி ஓடினேன். இரண்டாவது எட்டில் கால் வழுக்க, வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன்.

உள்ளே போய்ப் பார்த்தால் என் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அழுதது பக்கத்து வீட்டு டிவி சீரியல் குழந்தை. அந்தக் குழந்தையை அதற்கு முன் பல வாரங்களாகக் கடத்தி வைத்திருந்தார்கள். அன்றுதான் மீட்டார்களாம்.

சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக லேசாக வீங்கிவிட்டது. பெரிய வீக்கம் இல்லை. கை கோணவும் இல்லை. ஆனால் பால் புட்டியின் மூடியைத் திருகினால் கண்ணில் தண்ணீர் வந்தது. என் கணவர் சேதராப்பட்டில் தொழிற்சாலை வேலையில் இருந்தார். அந்த வாரம் அவருக்கு இரண்டாவது ஷிப்ட். போனில் சொன்னேன். "பெரிய வீக்கம் இல்லன்னா சுளுக்காத்தான் இருக்கும். நாளைக்கும் வலிச்சா அப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். இரவெல்லாம் விரல்களை மடக்கிப் பார்த்தேன். மடங்கின. மடங்கினால் உடையவில்லை என்று எங்கோ படித்திருக்கிறேன். எங்கே என்று ஞாபகமில்லாததால் அதை நம்பவும் முடியவில்லை.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா சொல்தா. எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை அப்படித்தான் சொல்வோம். அங்கிருந்து அவருக்குப் பென்ஷன் வருகிறது. அங்கிருந்து கொண்டு வந்த இரண்டு விஷயங்களை அவர் விடவே இல்லை. ஒன்று, எந்த வேலையையும் நேரம் குறித்துச் செய்வது. இன்னொன்று, எதையாவது பார்த்துவிட்டு "ஆர்.ஏ.எஸ்." என்று அறிக்கை கொடுப்பது. 'ரியென் அ சிஞ்ஞாலே', சொல்லும்படி ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். கேஸ் சிலிண்டரை முகர்ந்துவிட்டு ஆர்.ஏ.எஸ். குழந்தையின் நாப்பியைத் தொட்டுவிட்டு ஆர்.ஏ.எஸ். அதில் பாதி நேரம் தவறு.

அவர் விட்டுவிட்டதாக நாங்கள் எல்லோரும் நம்பிய மூன்றாவது விஷயம் மூக்குப்பொடி. அந்த வருட ஆரம்பத்தில் மூக்கில் ரத்தம் வந்து, டாக்டர் திட்டி, அத்தை பொடி டப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். குழந்தையின் தலைமீது கை வைத்து இனித் தொடமாட்டேன் என்று மாமா சத்தியம் செய்தார். அத்தை அதைத் தெரு முழுக்கச் சொன்னார்.

மறுநாள் காலை மாமாவுடன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிற ஆஸ்பத்திரி. எலும்புப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். எப்படி விழுந்தேன் என்று கேட்டார். நான் சீரியலில் இருந்து ஆரம்பித்தேன். அவர் பொறுமையாக, "கை எப்படி இருந்துச்சு? அத மட்டும் காட்டுங்க" என்றார். காட்டினேன். உடனே எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி நான்கு படம்.

படம் வந்ததும் மாமா பெஞ்சில் இருந்து எழுந்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"ஆர்.ஏ.எஸ்.," என்றார். "ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு. வா, போற வழியில கறி வாங்கிக்கினு போலாம்."

"டாக்டர் பாக்கணும் மாமா."

"பாக்கட்டும். அவங்களும் இதத்தான் சொல்லப் போறாங்க."

டாக்டரம்மாவும் படத்தில் எதுவும் தெரியவில்லை என்றுதான் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் என்னைத் தடுப்புத் துணிக்குப் பின்னால் உட்கார வைத்து, மூன்று மாணவர்களைக் கூப்பிட்டார். மாமாவை வெளியே நிற்கச் சொன்னார். ராணுவத்தில் பீரங்கிப் பக்கம் இருந்தவர் என்பதால் மாமாவுக்குப் பாதிதான் காது கேட்கும். அந்தப் பாதி அன்று நன்றாக வேலை செய்தது.

"கட்டைவிரல நல்லாத் தூக்குங்க," என்றார் டாக்டரம்மா. தூக்கினேன். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி இரண்டு நரம்பு புடைக்க, நடுவில் ஒரு சின்னக் குழி விழுந்தது. எல்லோருக்கும் விழும். இதைப் படிக்கிறவர்களும் செய்து பார்க்கலாம். அந்தக் குழியில் அவர் ஒரு விரலை வைத்து அழுத்தினார். நான் "அம்மா!" என்று கத்தினேன்.

"இந்தக் குழிக்கு என்ன பேரு?" என்று மாணவர்களைக் கேட்டார்.

"அனாடமிகல் ஸ்னஃப் பாக்ஸ், மேடம்."

என் பக்கம் திரும்பி, "பொடி டப்பின்னு அர்த்தம்மா. அந்தக் காலத்துல இங்கதான் பொடியக் கொட்டி உறிஞ்சுவாங்களாம்," என்றார். பிறகு உள்ளங்கைப் பக்கம் அதே எலும்பின் முனையை அழுத்தினார். வலித்தது. கட்டைவிரலைப் பிடித்து மணிக்கட்டை நோக்கித் தள்ளினார். அதுவும் வலித்தது.

"பொடி டப்பியில எனக்குச் சந்தேகமா இருக்கு," என்றார் உரக்க. "டப்பி விஷயத்த லேசா விட முடியாது. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ளதான் இருக்கும். இப்ப ஒளிஞ்சிருந்தாலும் ரெண்டு வாரத்துல தானா வெளிய வந்துடும்."

தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் மாமாவின் செருப்பு ஒரு அடி பின்வாங்கியது தெரிந்தது. எனக்காகத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி எனக்கு விளக்கினார். கையை ஊன்றி விழும்போது எடையெல்லாம் முதலில் தாங்குவது மணிக்கட்டில் படகு மாதிரி இருக்கும் ஒரு சின்ன எலும்பு. அந்தக் குழிக்குக் கீழேதான் அது இருக்கிறது. அது மயிரிழைபோலக் கீறல் விட்டு, விலகாமல் ஒட்டியபடி இருந்தால் முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம்.

"பீங்கான் கப்புல கீறல் விட்டா அன்னைக்கே தெரியுமா? நாலு நாள் டீ ஊத்தி, கறை ஏறினாத்தான் கோடு தெரியும். இதுவும் அப்படித்தான். பத்து, பன்னெண்டு நாள்ல கீறலோட ரெண்டு ஓரத்துலயும் எலும்பு கொஞ்சம் கரையும். அப்ப படம் எடுத்தா கோடு தெரியும்."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா, வலியும் இல்லன்னா, சந்தோஷமா கட்டப் பிரிச்சிடலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தா இப்பவே தெரியும். ஆனா நம்ம முறை வர்றதுக்குள்ள அந்த ரெண்டு வாரம் போயிடும். அதுவரைக்கும் உடைஞ்சிருக்குன்னே வச்சிக்குவோம்."

"சும்மா ரெண்டு நாள் துணி சுத்திப் பாத்தா போதாதா டாக்டர்?"

"உங்க தெருவுல தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வருது?" என்று கேட்டார். "இந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கம் இருக்கிற முனையில நுழைஞ்சு, பின்னால முழங்கைப் பக்கமா போகுது. நடுவுல குழாய் உடைஞ்சா கடைசி வீட்டுக்குத் தண்ணி நின்னுடும். கவனிக்காம விட்டா அந்தத் துண்டு ஒட்டாது. செத்துக்கூடப் போகலாம். அப்புறம் ஆபரேஷன், காலத்துக்கும் மணிக்கட்டு வலி. உங்களுக்குப் பத்து மாசக் குழந்தை இருக்கு இல்ல? தூக்கணும் இல்ல?"

எங்கள் வீடு தெருவில் கடைசி வீடு. எனக்கு நன்றாகவே புரிந்தது.

கட்டைவிரலையும் சேர்த்து, முழங்கைக்குக் கீழே வரை பாதி மாவுக்கட்டு போட்டு, மேலே துணிப்பட்டை சுற்றினார்கள். வீக்கம் இருப்பதால் முழுக்கட்டு இப்போது வேண்டாம் என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். நடுவில் அவிழ்க்கவே கூடாது, நீவிவிடவே கூடாது.

ஆட்டோ அஜந்தா சிக்னல் தாண்டியதும் மாமா மெதுவாக ஆரம்பித்தார்.

"ம்மா. அந்த டப்பி விஷயத்த வீட்டுல சொல்லிக்கினு இருக்காத."

"எப்படி மாமா சொல்லாம இருக்கறது? கட்டப் பாத்தா அத்தை கேப்பாங்களே."

"கட்டப் பத்திச் சொல்லு. டப்பியப் பத்திச் சொல்லாத. அவ தாங்கமாட்டா."

அத்தைக்கு ரத்த அழுத்தம் உண்டு. எலும்பு செத்துப்போகும் என்று கேட்டால் பயந்துவிடுவார் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. "சரி மாமா. ரெண்டு வாரத்துல எப்படியும் தெரிஞ்சிடும்னு டாக்டரம்மா சொன்னாங்களே," என்றேன்.

மாமா ஆட்டோ கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வாரம் நீ எந்த வேலையும் செய்யாத," என்றார். "நான் பாத்துக்கறேன்."

நிஜமாகவே பார்த்துக்கொண்டார். நாப்பி துவைத்தார். குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டினார். தண்ணீர் ஊற்றும் முன் "அத்தான்சியோன்!" என்று எச்சரிக்கை கொடுத்தார். ஏழாம் நாளுக்குள் குழந்தை அந்தச் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டது. பால் புட்டியைக் கொதிக்க வைத்து வரிசையாக நிறுத்தினார். முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரு டம்ளரைக் கழுவாத மனிதர் என்று அத்தை சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இம்மாம் பாசம் திடீர்னு?" என்று அவரிடமே கேட்டார்.

"புள்ள கை ஒடிஞ்சு கெடக்கு. நீயாடி செய்யற?"

"ஒடியலன்னுதான படம் சொல்லுது? நீங்கதான் பாத்துட்டு ஏதோ ஆரு ஏசுன்னு சொன்னீங்களாமே."

"அது மேலோட்டமா பாத்தது," என்றார் மாமா.

அத்தைக்கு ஒரு கவலை இருந்தது. அது நியாயமான கவலை. பத்தாம் நாள் அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் நான் கட்டுப் போட்ட கையோடு போய் நின்றால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதுவும் வலது கை. படத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னால் இன்னும் மோசம். ஒன்றுமில்லாததற்கு ஏன் கட்டு? எதையோ மறைக்கிறார்கள். "மாமியா மணையால அடிச்சிட்டான்னு பேசுவாளுங்க," என்றார். "எனக்கு வளையல் போட்ட மருமவ வேணும். மாவு போட்ட மருமவ வேணாம்."

எட்டாம் நாள் எனக்கு வலி பெரிதும் குறைந்துவிட்டது. அதுதான் ஆபத்து. வலி இல்லாமல் கட்டு இருந்தால் நமக்கே நாம் நடிக்கிறோமோ என்று தோன்றிவிடுகிறது. மகள் இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்கிறாள். ஒற்றைக் கையால் தூக்கினால் சறுக்குகிறாள். அத்தை தன் தங்கைக்கு ஒருமுறை சுளுக்கெடுத்தவரை வீராம்பட்டினத்தில் இருந்து வரவழைத்திருந்தார். பெரியவர், சாந்தமானவர், வெள்ளை வேட்டி. சின்ன பாட்டிலில் எண்ணெய் கொண்டு வந்திருந்தார்.

"கட்டு மேல நான் கை வைக்கமாட்டேன் தாயி," என்றார். "நீங்களே அவுத்துட்டு வந்தீங்கன்னா நீவி விடறேன். ரெண்டு இழுப்பு. அவ்ளோதான்."

"கேட்டியா? ரெண்டே இழுப்பு," என்றார் அத்தை.

நான் மறுக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. டாக்டரம்மா சொன்னதும் நினைவிருந்தது, அத்தை முகமும் தெரிந்தது. பெரியவர்கள் மனம் கோணக்கூடாது என்று வளர்ந்தவள் நான். ஒருவேளை டாக்டர் கூடுதலாகப் பயப்படுகிறாரோ, நானும் என் பங்குக்குக் கூடுதலாகப் பயப்படுகிறேனோ என்று நினைத்து, துணிப்பட்டையின் நுனியைத் தேடிப் பிடித்து, ஒரு சுற்று அவிழ்த்தும்விட்டேன். இரண்டாவது சுற்றும்.

அப்போது மாமா பால் பாக்கெட்டுடன் உள்ளே வந்தார்.

"யாரு கட்டப் பிரிக்கறது?" ஒரு சத்தம். குழந்தை கண்ணை மூடிக்கொண்டது.

"சுளுக்குதாங்க," என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"சுளுக்குன்னு யாரு சொன்னது? வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது! உள்ள இருக்கறது உள்ளதான் இருக்கும்! ரெண்டு வாரம் ஒருத்தரும் தொடக்கூடாது, நோண்டக்கூடாது, கிளறக்கூடாது! நடுவுல குழாய் ஒடைஞ்சா கடைசி வீட்டுக்குத் தண்ணி நின்னுடும், தெரியுமா உங்களுக்கு?"

"எந்த வீட்டுக்கு?" என்றார் அத்தை.

"எந்த வீடா இருந்தா என்னாடி!"

பெரியவர் எண்ணெய் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "ஒடைஞ்சிருக்கும்னு டாக்டரு சந்தேகப்பட்டா நான் தொடக்கூடாதும்மா. மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்று அத்தையைப் பார்த்தார். காபி குடித்துவிட்டுப் போனார். மாமா என் கைப்பட்டையை இறுக்காமலும் தளராமலும், ராணுவத்தில் சுற்றுவதுபோல மறுபடி சுற்றி, ஊக்குக் குத்தினார். விரல் நுனிகளை அழுத்தி, "மரத்துப்போச்சா? ரத்தம் ஓடுதா?" என்று சரிபார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்யாணத்துக்குக் கட்டோடுதான் போனேன். அத்தை முந்தானையால் கையைப் போர்த்திவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்பே மாமா ஒவ்வொருவரிடமும் போய், "மருமவ தானா வழுக்கி விழுந்துச்சு, யாரும் அடிக்கல," என்று அறிவித்தார். அதுவரை யாரும் அப்படி நினைக்கவில்லை. அதன்பிறகு எல்லோரும் நினைத்தார்கள். அத்தை பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் மறுபடி எக்ஸ்ரே. இந்த முறை மாமாவையும் அந்த மூன்று மாணவர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா நுனியால் காட்டினார். படகு எலும்பின் நடுவில், குறுக்காக, ஒரு மெல்லிய கோடு. கப்பில் டீக் கறை ஏறியதுபோலவே இருந்தது.

"விலகல. நல்ல நேரம். அசைக்காம வச்சிருந்தீங்க. யாராவது நீவி, திருகி விட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்கலாம். இப்ப முழுக்கட்டு போடறேன். ரெண்டு, ரெண்டரை மாசம் ஆகும்."

இரண்டு சுற்று. நான் இரண்டு சுற்று அவிழ்த்திருந்தேன்.

"எல்லாம் எங்க மாமாவாலதான் டாக்டர்," என்றேன். "அவர்தான் அவிழ்க்க விடல. அந்தப் பொடி டப்பிய அவர் மறக்கவே இல்ல."

மாமாவின் முகம் வெளுத்தது. "எந்த டப்பி?" என்றார்.

"இதுதான் ஐயா," என்று சிரித்தபடி டாக்டரம்மா அவர் வலது கையைப் பிடித்தார். "கட்டைவிரலத் தூக்குங்க. இந்தக் குழி இருக்குல்ல, இதுக்குத்தான் பொடி டப்பின்னு..."

அப்படியே நிறுத்தினார். மூன்று மாணவர்களும் குனிந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மாமாவின் குழியில், தோலின் சுருக்கங்களுக்குள், பழுப்பாகப் பொடி படிந்திருந்தது. மணம் வந்தது.

"இங்க இன்னும் உபயோகத்துலயே இருக்கு போல," என்றார் டாக்டரம்மா.

ஒரு மாணவர் தும்மினார்.

மாமா குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பன்னிரண்டு நாட்கள் அவர் முகத்தில் பின்னோக்கி ஓடுவது தெரிந்தது. நாப்பி, புட்டி, குளியல், கல்யாண மண்டபம்.

"தபாத்தியேர்," என்றார் கடைசியில், மிகவும் சோர்வாக. பிரெஞ்சில் பொடி டப்பிக்கு அதுதான் பேராம். "அனத்தோமிக்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே புரிஞ்சிக்கினு இருப்பேன்."

முழுக்கட்டுப் போட்டு முடித்ததும் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்ப நீ டாக்டரம்மா கிட்ட என்னப் பத்தி எதுவும் சொல்லல."

"எனக்கே இப்பதான் தெரியும் மாமா."

"டப்பி கூட எங்கிட்ட கிடையாதும்மா. பொட்டிக்கடையில நின்னு ஒரு சிட்டிகை, அவ்ளோதான்." பிறகு, "நாளைக்கு நாப்பி நீயே அலசிக்கிறியா?" என்றார். முழுக்கட்டைப் பார்த்ததும் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, விடு. இன்னும் ரெண்டரை மாசம்தான?"

எலும்பு ஒட்டிவிட்டது. ஈரத்துணியைப் பிழியும்போது எப்போதாவது ஒரு சின்ன வலி. அவ்வளவுதான். அந்த இரண்டரை மாதமும் மாமா ஒரு நாள்கூடத் தவறாமல் எல்லா வேலையும் செய்தார். அதனால்தான் முதல் பன்னிரண்டு நாள் கணக்கு எனக்குப் புரியவில்லை. பயத்தில் செய்தார் என்றால் பயம் போன பிறகு ஏன் செய்தார்? எனக்காகச் செய்தார் என்றால் அன்று ஆட்டோவில் அப்படி ஏன் சொன்னார்? குழாயும் கடைசி வீடும் டாக்டரம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னவை. பாதிக் காது கேட்கும் மனிதர் அதை எப்படிக் கேட்டார்? நேரில் கேட்டால், "எல்லாம் ஆர்.ஏ.எஸ்.," என்கிறார்.

இப்போது என் மகள் ஐந்து வயதை எட்டப்போகிறாள். மாமாவின் கைக்குட்டையை நான்தான் தனியாகத் துவைக்கிறேன். பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. ரத்தக் கறை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்க்கிறேன். இதுவரை இல்லை. ஆனால் முதல் படத்தில்கூட ஒன்றும் இல்லைதானே? போன வாரம் அத்தை என்னிடம் நேராகவே கேட்டார்: "உங்கிட்டதான் எல்லாம் சொல்றாரே, அவரு பொடிய விட்டுட்டாரா இல்லியா?" குழந்தைக்குச் சாதம் ஊட்ட வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

மறுபடி கேட்பார். என் கையை அவிழ்க்கவிடாமல் காத்த மனிதரை நான் காட்டிக்கொடுப்பதா? அல்லது அவர் எனக்குச் செய்ததுபோல, மறைந்திருப்பது பெரிதாகும் முன் சத்தம் போட்டுவிடுவதா? அத்தையிடம் சொல்லாமல் மாமாவை அந்த மூக்கு டாக்டரிடம் மட்டும் கூட்டிப்போக வழி உண்டா? மாமியார், மாமனார் இருவருடனும் ஒரே வீட்டில் இருந்து பழகியவர்கள் யாராவது தெரிந்தால் எழுதுங்கள். கடிதம் என் பெயருக்கே வரட்டும். எங்கள் வீட்டுத் தபாலை முதலில் பிரிப்பவர் மாமா. என் பெயர் இருந்தால் மட்டும் பிரிக்கமாட்டார்.